ஒரே டிக்கெட், இரண்டு கணக்கு

“கான்ஃபரன்ஸ் முடிஞ்சதும் அப்படியே பத்து நாள் லீவு போட்டு ஊர் சுற்றிப் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன் சார்.” கேன்டீனில் காபி குடிக்கும்போது மேலாளரிடம் இப்படிச் சொல்கிறவர்கள் நிறைய. “தாராளமா போயிட்டு வாங்க, ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க” என்று அவரும் சொல்லிவிடுவார். சிக்கல் அந்த மெயிலில்தான் தொடங்குகிறது. ‘மாநாட்டுக்குப் பின் சில நாட்கள் சொந்த விடுப்பு எடுக்க அனுமதி வேண்டும்’ என்று இரண்டே வரியில் முடித்து அனுப்பிவிடுகிறோம். மனிதவளத் துறை எத்தனை நாள் என்று கேட்கிறது. கணக்குத் துறை விமான டிக்கெட்டில் யார் பங்கு எவ்வளவு என்று கேட்கிறது. டிக்கெட் போட்டுத் தரும் டிராவல் டெஸ்க், திரும்பும் தேதி எது என்று கேட்கிறது. இத்தனை கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர். அவருக்கோ ஒன்றும் தெரியாது.

இந்தக் கடிதம் மேலாளர் பெயருக்குப் போனாலும், அதைப் படிக்கப் போகிறவர்கள் குறைந்தது நான்கு பேர். மேலாளர், மனிதவளத் துறை, கணக்குத் துறை ஆகியோருக்கு அடுத்து, வெளிநாடு என்றால் விசா அலுவலகமும் உண்டு. நால்வருக்கும் வேண்டியது ஒரே தகவல்தான்: அலுவலகப் பயணம் எந்த இடத்தில் முடிகிறது, சொந்தப் பயணம் எந்த இடத்தில் தொடங்குகிறது? அந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுவிட்டால், நாட்கள், பணம், காப்பீடு எல்லாம் அதன் இரு பக்கமும் தானாகப் பிரிந்து நிற்கும்.

ஓர் உதாரணம்

ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் பெரிய மாநாடு ஒன்றை நடத்துகிறது. மழை, வெள்ளம், நிலநடுக்கம், பருவநிலை என்று பல துறை ஆய்வாளர்கள் அங்கே கூடுகிறார்கள். சென்னையில் வெள்ள முன்னறிவிப்பு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருக்கும் ஒரு பெண்ணை நிறுவனம் அங்கே அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாநாடு மே 4 திங்கள் முதல் மே 8 வெள்ளி வரை. முடிந்ததும் கணவரோடு சால்ஸ்பர்க், பிராகு நகரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப அவர் நினைக்கிறார்.

முதலில் அவர் விடுமுறையே இல்லாத பயணத்தைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். மே 2 சனி இரவு சென்னையில் புறப்பாடு. 3-ஆம் தேதி ஞாயிறு வியன்னா. ஐந்து நாள் மாநாடு. 9-ஆம் தேதி சனி காலை அங்கிருந்து விமானம். 10-ஆம் தேதி ஞாயிறு சென்னை. 11-ஆம் தேதி திங்கள் அலுவலகம். இதுதான் அடிப்படைப் பயணம். விடுமுறை என்ற பேச்சே எழாவிட்டால் நிறுவனம் எதற்கெல்லாம் பணம் கொடுத்திருக்குமோ, அதற்குத்தான் இப்போதும் கொடுக்க வேண்டும்.

இந்த அடிப்படைப் பயணத்தை எழுதாமல் நேராக விடுப்புக்குப் போகும்போதுதான் சண்டை வருகிறது. எட்டாம் தேதி வெள்ளி இரவு ஓட்டல் வாடகை யாருடையது? மாநாடு அன்று மாலையே முடிந்துவிட்டதே என்று கணக்குத் துறை கேட்கலாம். ஆனால் அடிப்படைப் பயணத்திலும் அவர் அன்றிரவு வியன்னாவில்தான் தங்கியிருப்பார். ஆகவே அது நிறுவனத்தின் செலவு. 9-ஆம் தேதி காலை ஓட்டல் அறையைக் காலி செய்யும் நேரம்தான் கோடு. அதற்குப் பிறகான ஓட்டல், ரயில், சாப்பாடு எல்லாம் அவருடையவை. தினப்படியும் அன்றோடு நின்றுவிடும்.

இப்போது நீட்டித்த பயணம். சால்ஸ்பர்கில் நான்கு இரவு, பிராகில் நான்கு இரவு, மீண்டும் வியன்னாவில் இரண்டு இரவு. மே 19 செவ்வாய் புறப்பட்டு 20 புதன் சென்னை. 21 வியாழன் அலுவலகம்.

எத்தனை நாள் விடுப்பு?

எண்ணிப் பார்த்தால் மே 11 முதல் 15 வரை ஐந்து நாள், 18 முதல் 20 வரை மூன்று நாள், ஆக எட்டு வேலை நாட்கள். ஆனால் எல்லா நிறுவனமும் இதை எட்டு என்று எண்ணாது. இடையில் 16, 17 தேதிகளில் ஒரு சனி ஞாயிறு வருகிறது. விடுப்புக்கு நடுவில் சிக்கும் விடுமுறை நாளையும் விடுப்பாகவே எண்ணும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஊழியர்கள் இதை ‘சாண்ட்விச் லீவ்’ என்பார்கள். அந்த விதி இருந்தால் எட்டு பத்தாகிவிடும். மாநாட்டுக்கும் விடுப்புக்கும் இடையே வரும் 9, 10 தேதிகளின் கதையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையில் ஒன்பது நாள் விடுப்புதான் மீதி இருக்கிறது என்றால், எட்டுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் சம்பளப் பிடித்தத்தில் போய் முடியும்.

அதனால் கடிதத்தில் ‘சுமார் பத்து நாள்’ என்று எழுதக் கூடாது. முதல் நாள், கடைசி நாள், இடையில் உள்ள சனி ஞாயிறு, மீண்டும் வேலைக்கு வரும் நாள் ஆகியவற்றைத் தேதியோடும் கிழமையோடும் எழுத வேண்டும். கணக்கில் எத்தனை நாள் விடுப்பு மீதி இருக்கிறது என்பதையும் முன்பே பார்த்து எழுதிவிட்டால், மனிதவளத் துறைக்குக் கேட்க எதுவும் இருக்காது.

திரும்பி வந்த மறுநாளே வேலைக்கு வருவதாக எழுதுவதிலும் கொஞ்சம் யோசனை தேவை. 20-ஆம் தேதி முழுவதையும் விடுப்பாக வைத்திருப்பதால் விமானம் தாமதமானாலும் ஓரளவு சமாளிக்கலாம். காலை ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதரைக்கு அலுவலகம் என்று திட்டம் போட்டால், ஒரு விமானம் தவறினாலே கடிதத்தில் சொன்ன தேதி பொய்யாகிவிடும்.

டிக்கெட்டில் யார் பங்கு எவ்வளவு?

நேர்மையான வழி ஒன்று உண்டு, அது எளிமையானதும்கூட. ஒரே நாளில், ஒரே விமான நிறுவனத்தில், ஒரே வகுப்பில் இரண்டு விலை பார்க்க வேண்டும். ஒன்று அடிப்படைப் பயணத்துக்கு, மற்றொன்று நீட்டித்த பயணத்துக்கு. மே 2 புறப்பட்டு 10 திரும்பும் டிக்கெட் 68,000 ரூபாய், 20 திரும்பும் டிக்கெட் 74,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 6,000 ரூபாய் ஊழியருடையது. இரண்டு விலையும் தெரியும் திரைப் படத்தைக் கடிதத்தோடு இணைத்துவிட வேண்டும். விலை தினமும் மாறுவதால், எந்தத் தேதியில் பார்த்தது என்று குறிப்பிடாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

சில சமயம் நீட்டித்த டிக்கெட்டே மலிவாக இருக்கும். அப்போது மிச்சம் நிறுவனத்துக்கே. ‘நான் ஐயாயிரம் மிச்சப்படுத்திக் கொடுத்தேன், அதை என் ஓட்டலுக்குத் தாருங்கள்’ என்று கேட்பது பேரமாகிவிடும். விலை குறைந்தது என்ற தகவலை மட்டும் கடிதத்தில் ஒரு வரியாகச் சொன்னால் போதும். மேலாளர் சம்மதிக்க அதுவே ஒரு காரணமாகலாம்.

இந்தப் பிரிவினை வெறும் மரியாதைக்காகச் செய்வதன்று. இதில் வரியும் இருக்கிறது. அலுவலகப் பயணம் விடுமுறையாக நீண்டால், அந்த நீட்டித்த நாட்களுக்காக நிறுவனம் செய்த செலவு ஊழியருக்குக் கிடைத்த சலுகையாக மதிப்பிடப்படும் என்று 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் மூன்றாம் விதி நேரடியாகவே சொன்னது. அலுவலகப் பயணத்தில் உடன் வரும் குடும்பத்தினருக்கு நிறுவனம் செலவு செய்தால் அதுவும் அப்படித்தான். சலுகை என்றால் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். எனவே சால்ஸ்பர்க் ஓட்டல் ரசீது ஒன்று தவறிப்போய் அலுவலகச் செலவுப் பட்டியலில் ஏறினால், அது நிறுவனத்தின் தணிக்கைக்கும் தொல்லை, ஊழியருக்கும் தொல்லை. நிறுவனம் கொடுத்த ஃபாரெக்ஸ் கார்டை 9-ஆம் தேதி காலையோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சொந்த கார்டை எடுப்பதே நல்லது.

விசா அலுவலகம் என்ற நான்காவது வாசகர்

வியன்னாவும் பிராகும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும். இந்த விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை ஆகலாம். விசா மையத்தில் நேர்முகத் தேதி கிடைக்கும் காலத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிறுவனம் கொடுக்கும் கடிதத்தில் ‘மே 4 முதல் 8 வரை மாநாட்டில் கலந்துகொள்கிறார், செலவு எங்களுடையது’ என்று மட்டும் இருக்கும். விண்ணப்பத்திலோ மே 3 முதல் 19 வரை தங்குவதாக எழுதியிருப்பார். மீதி நாட்களுக்கு யார் செலவு செய்கிறார்கள், விடுப்பு கிடைத்ததா, திரும்பி வேலைக்கு வருவாரா என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. நிறுவனக் கடிதத்தில் இரண்டு பகுதியும் இருக்க வேண்டும். 9-ஆம் தேதி காலை வரை அலுவலகப் பயணம், நிறுவனச் செலவு. அதிலிருந்து 20 வரை சொந்தப் பயணம், சொந்தச் செலவு. விடுப்பு அனுமதிக்கப்பட்டது, 21-ஆம் தேதி வேலைக்குத் திரும்புகிறார். மேலாளருக்கு எழுதும் கடிதத்திலேயே இப்படிப்பட்ட தடையில்லாச் சான்று வேண்டும் என்று கேட்டுவிட்டால் வேலை ஒரே தடவையில் முடியும்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. தங்கும் நாட்களாலோ பயண நோக்கத்தாலோ எந்த நாடு முதன்மையானதோ, அங்கே. நம் பொறியாளருக்கு ஆஸ்திரியாவில் 12 இரவு, செக் நாட்டில் 4 இரவு. மாநாடும் ஆஸ்திரியாவில்தான். குழப்பமே இல்லை. இதையே மாற்றி, வியன்னாவில் ஆறு இரவும் இத்தாலியில் பத்து இரவும் என்று திட்டமிட்டிருந்தால், நோக்கம் ஒரு நாட்டையும் நாட்கள் இன்னொரு நாட்டையும் காட்டும். அப்படிப்பட்ட திட்டத்தோடு போனால் ‘நீங்கள் அங்கே அல்லவா விண்ணப்பிக்க வேண்டும்’ என்று கேட்கப்படலாம். விடுமுறைத் திட்டத்தை வரையும்போதே இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

காப்பீட்டிலும் அதே கோடுதான். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, தங்கும் காலம் முழுவதற்கும் வேண்டும். நிறுவனம் எடுத்துத் தரும் பயணக் காப்பீடு அலுவலக நாட்களோடு முடிந்துவிடலாம். பிராகில் படிக்கட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்ட பிறகு அது தெரியவந்தால் பயனில்லை. சொந்தப் பகுதிக்குத் தனிக் காப்பீடு எடுப்பதானால், இரண்டுக்கும் நடுவே ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் தேதிகளைப் பொருத்த வேண்டும்.

வேலையை யார் பார்ப்பார்கள்?

மேலாளரைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி. டிக்கெட்டும் காப்பீடும் அவருக்கு அப்புறம்தான். மாநாட்டு நாட்களையும் சேர்த்தால் இந்தப் பொறியாளர் மே 4 முதல் 20 வரை 13 வேலை நாட்கள் இருக்கையில் இல்லை. கடிதத்தில் எட்டு என்று எழுதினாலும் குழுவுக்கு அது பதிமூன்றுதான். இதை மேலாளரே கண்டுபிடிக்கும்படி விடாமல் நாமே சொல்லிவிடுவது நல்லது.

‘என் வேலைகளை ஒப்படைத்துவிட்டுச் செல்வேன்’ என்ற வரியால் யாருக்கும் உபயோகமில்லை. எந்த வேலை, யாரிடம், எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். பொறுப்பை ஏற்கப் போகிறவரிடம் முன்பே பேசி, அவர் சம்மதித்திருக்கவும் வேண்டும். தன் பெயர் கடிதத்தில் இருப்பது சக ஊழியருக்கு மேலாளர் மூலம் தெரியவந்தால், விடுப்பும் போகும், நட்பும் போகும்.

விடுப்பில் இருந்தபடியே தினமும் இரண்டு மணி நேரம் வேலை பார்ப்பதாகச் சொல்லும் ஆசையும் பலருக்கு வரும். அதை எழுதாமல் இருப்பதே நல்லது. குறுகிய கால விசா வேலை பார்ப்பதற்கானதன்று. நிறுவன மடிக்கணினியைச் சொந்தப் பயணத்தில் கொண்டு செல்வதற்கு பல இடங்களில் தகவல் பாதுகாப்பு விதிகள் தடை போடும். பாதி விடுப்பு, பாதி வேலை என்றால் அந்த நாளை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற சண்டையும் வரும். மிக அவசரம் என்றால் எந்த எண்ணில் அழைக்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும்.

கடிதம்

அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தாலும் வரிசை இதுதான்:

*பொருள்: வியன்னா மாநாட்டுப் பயணத்தோடு சொந்த விடுப்பு, மே 11 முதல் 20 வரை, அனுமதி வேண்டி*

*மதிப்பிற்குரிய மேடம்,*

*மே 4 முதல் 8 வரை வியன்னா மாநாட்டில் நம் வெள்ள முன்னறிவிப்புப் பணியைப் பற்றிப் பேச என்னை அனுப்ப ஒப்புதல் அளித்திருக்கிறீர்கள். மாநாடு முடிந்தபின் என் கணவருடன் சில நாட்கள் அங்கே தங்கிச் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன். அதற்காக மே 11 திங்கள் முதல் 15 வெள்ளி வரையும், மே 18 திங்கள் முதல் 20 புதன் வரையும், எட்டு வேலை நாட்கள் ஈட்டிய விடுப்பு வேண்டுகிறேன். இடையில் 16, 17 சனி ஞாயிறு வருகின்றன. என் கணக்கில் 14 நாட்கள் விடுப்பு மீதி உள்ளது. மே 21 வியாழன் காலை வேலைக்கு வருவேன்.*

*அலுவலகப் பயணம் மே 9 சனி காலை ஓட்டல் அறையைக் காலி செய்வதோடு முடிகிறது. அதன் பிறகான தங்குமிடம், பயணம், உணவு, காப்பீடு அனைத்தும் என் செலவு. கணவரின் செலவு முழுவதும் எங்களுடையது. 10-ஆம் தேதி திரும்பும் டிக்கெட்டுக்கும் 20-ஆம் தேதி திரும்பும் டிக்கெட்டுக்கும் இன்றைய வித்தியாசம் 6,000 ரூபாய். பதிவு செய்யும் நாளில் உள்ள வித்தியாசத்தை நான் செலுத்திவிடுகிறேன். இரண்டு விலையும் இணைப்பில் உள்ளன.*

*மாநாட்டையும் சேர்த்து 13 வேலை நாட்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டேன். தினசரி முன்னறிவிப்பு அறிக்கையைக் குழுவின் மூத்த பொறியாளர் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். ஏப்ரல் 27-க்குள் ஒப்படைத்துவிட்டு, ஒரு வாரம் அவர் செய்வதை உடனிருந்து பார்ப்பேன். ஜூன் மாத வெளியீட்டுக்கான என் பகுதியை ஏப்ரல் 30-க்குள் முடித்துவிடுவேன்.*

*எட்டு நாட்கள் கடினம் என்றால், மே 11 முதல் 15 வரை ஐந்து நாட்களோடு முடித்துக்கொண்டு 18 திங்கள் வேலைக்கு வரவும் இயலும்.*

*விசாவுக்காக, அலுவலக நாட்களையும் விடுப்பு நாட்களையும் தனித்தனியே குறிப்பிடும் தடையில்லாச் சான்று தேவைப்படுகிறது. விண்ணப்பிக்க நேரம் வேண்டியிருப்பதால் பிப்ரவரி 20-க்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.*

*நன்றியுடன்.*

இதில் ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும் என்ற நெடுநாள் கனவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விடுப்பு ஊழியரின் உரிமைக் கணக்கில் இருப்பது. அதற்கு உருக்கமான காரணம் தேவையில்லை. ஐந்து நாள் மாற்று வழியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு திட்டத்தை முன்வைத்தால் மேலாளருக்கு ‘சரி’, ‘முடியாது’ என்ற இரண்டு பதில்தான் இருக்கும். இரண்டாவது திட்டம் இருந்தால் பேச இடம் கிடைக்கிறது. ஆனால் சொந்தமாகவே ஒத்துக்கொள்ளக்கூடிய மாற்றாக இருந்தால்தான் எழுத வேண்டும். மேலாளர் அதையே பிடித்துக்கொள்ளக்கூடும்.

அரசு ஊழியர்களும் அரசுக் கல்லூரி ஆசிரியர்களும் இன்னொரு படி ஏற வேண்டியிருக்கும். அவர்களுக்கு மாநாட்டு நாட்கள் பணி நாட்களாகக் கருதப்பட்டாலும், வெளிநாட்டில் கழிக்கும் சொந்த விடுப்புக்குத் தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும். மாநாட்டுக்குக் கிடைத்த ஆணை விடுமுறையையும் மூடும் என்று எண்ணிப் புறப்பட்டால், திரும்பி வந்து விளக்கம் எழுத வேண்டி வரும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். மாநாட்டுக்கு அனுமதி கேட்கும்போதே விடுமுறை எண்ணத்தையும் சொல்லிவிடுவது நல்லது. டிக்கெட் எடுத்த பிறகு சொன்னால் தேதி மாற்றக் கட்டணம் ஒன்று கூடும். மாநாடே விடுமுறைக்காகத்தானோ என்ற சந்தேகமும் கூடும். அதைப் போக்க மேலாளரிடம் வாய்ப்பேச்சு உதவலாம், ஆனால் அவர் வேறு குழுவுக்கு மாறிவிட்டால் அந்தப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. எனவே அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத ஓட்டலையோ ரயிலையோ பதிவு செய்யாதீர்கள்.